ஆயிரம் பேருக்கு மூன்று நிமிடத்தில் நன்றி

யூடியூபில் ஒரு சேனல் தொடங்குவது ஐந்து நிமிட வேலை. கூகுள் அக்கவுண்ட் ஒன்று இருந்தால் போதும். ஆனால் அந்தச் சேனலை 1000 பேர் சப்ஸ்கிரைப் செய்வதற்கு மாதங்கள் ஆகலாம், வருடங்களும் ஆகலாம். சிறிய சேனல்களுக்கு அதுதான் முதல் பெரிய மைல்கல். எட்டியதும் எல்லோரும் ஒரு நன்றி வீடியோ போடுகிறார்கள். நானும் ஆசையாகத்தான் திறக்கிறேன். பலவற்றை ஒரு நிமிடத்துக்கு மேல் பார்க்க முடிவதில்லை. "உங்கள் அன்புக்கும் ஆதரவுக்கும்" என்று ஆரம்பித்து, நமக்குத் தெரியாத இருபது பேரின் பெயர்களைச் சொல்லி, கடைசியில் இன்னும் பலரிடம் ஷேர் செய்யுங்கள் என்று முடித்து விடுகிறார்கள். பார்ப்பவருக்கு இதில் என்ன இருக்கிறது?

கும்பகோணத்துக்கு அருகே ஒரு சிற்றூரில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவரும் அவர் தெருக்காரர்கள் நான்கு பேரும் சேர்ந்து ஒரு சேனல் நடத்துகிறார்கள். ஊரில் உள்ள பாட்டிமார் பாடும் தாலாட்டு, நடவுப் பாட்டு, கும்மிப் பாட்டு ஆகியவற்றைச் செல்போனில் பதிவு செய்து போடுவதுதான் வேலை. 2022-ல் தொடங்கினார்கள். 2024-ல் எண்ணிக்கை 960-ஐத் தாண்டியபோது ஆசிரியர் எனக்குப் போன் செய்தார். "தம்பி, ஒரு நன்றியுரை எழுதி வைத்திருக்கிறேன். வந்து கொஞ்சம் பார்த்துக் கொடுங்கள்" என்றார்.

போய்ப் பார்த்தால் நான்கு முழுப் பக்கம். படிக்கச் சொல்லி செல்போன் ஸ்டாப்வாட்சில் அளந்தேன். 11 நிமிடம் 20 விநாடி. அது எப்படி மூன்று நிமிடத்துக்கு வந்தது, வழியில் என்னென்ன தெரிய வந்தது என்பதை இங்கே சொல்கிறேன். உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு சங்கமோ, ஊர் நூலக வாசகர் வட்டமோ சேனல் வைத்திருந்தால் உங்களுக்கும் பயன்படும்.

முதலில், யாருக்கு நன்றி?

ஆசிரியரின் நான்கு பக்கத்தில் ஊர்ப் பெரியவர்கள், கேபிள் டிவிக்காரர், மைக் வாங்கிக் கொடுத்தவர், பேரன் என்று 43 பெயர்கள் இருந்தன. ஆனால் சேனலைப் பார்ப்பவர்களைப் பற்றி இரண்டே வரி. நன்றியுரை பார்வையாளருக்கு என்றால் அவர்கள் யார் என்று முதலில் தெரிய வேண்டுமல்லவா? அதை ஊகிக்க வேண்டியதில்லை. யூடியூபே கணக்கு வைத்திருக்கிறது.

கம்ப்யூட்டரில் பிரவுசரைத் திறந்து studio.youtube.com என்று டைப் செய்யுங்கள். சேனலுக்கு உரிய கூகுள் அக்கவுண்டில் நுழைந்திருந்தால் யூடியூப் ஸ்டுடியோ திறக்கும். இடது பக்க மெனுவில் Analytics. அதற்குள் Advanced mode என்ற பட்டன் இருக்கும். அதை க்ளிக் செய்தால் உங்கள் வீடியோக்கள் ஒரு பெரிய அட்டவணையாக வரும். காலத்தை Lifetime என்று மாற்றிக் கொண்டு, Subscribers என்ற பத்தியைப் பாருங்கள். ஒவ்வொரு வீடியோவும் எத்தனை பேரைச் சேனலில் சேர்த்தது என்று அதில் தெரியும்.

இந்தப் பத்தியைக் கூட்டினால் மொத்த எண்ணிக்கை வராது. வீடியோவுக்குக் கீழே உள்ள பட்டனை அழுத்தாமல் நேராகச் சேனல் பக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தவர்களும் உண்டு. அவர்கள் எந்த வீடியோவின் கணக்கிலும் வர மாட்டார்கள். விலகியவர்களும் இதில் கழிக்கப்படுகிறார்கள். ஆகவே எண்ணைவிட வரிசையைப் பாருங்கள். எது முதலில் நிற்கிறது என்பதுதான் முக்கியம்.

இந்தச் சேனலில் 70 வீடியோக்கள். அவற்றில் ஒன்றே ஒன்று 310 பேரைச் சேர்த்திருந்தது. அடுத்தது 45 தான். அந்த முதல் வீடியோ, எண்பது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி திண்ணையில் உட்கார்ந்து பாடிய ஆறு நிமிடத் தாலாட்டு. ஆசிரியர் திரையைப் பார்த்துக்கொண்டே சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. அந்தப் பாட்டி அந்த வருடம் தை மாதத்தில் காலமாகி விட்டார். நான்கு பக்க உரையில் அவர் பெயர் 31-வதாக இருந்தது.

அதே திரையில் Geography என்பதைத் தேர்ந்தெடுத்தால் எந்த நாட்டில் எவ்வளவு பார்க்கிறார்கள் என்று காட்டும். இந்தியா, மலேசியா, இலங்கை, ஐக்கிய அரபு நாடுகள் என்று வரிசை வந்தது. மலேசியா இரண்டாவதாக நிற்கும் என்று அவர்கள் யாரும் நினைத்திருக்கவில்லை. உடனே அந்தத் தாலாட்டு வீடியோவின் கமெண்ட்களைத் திறந்து ஒவ்வொன்றாகப் படித்தோம். தோட்டத்தில் வேலை பார்த்த தன் அம்மா இதே பாட்டைப் பாடுவார், இன்னும் இரண்டு வரி உண்டு என்று மலேசியாவிலிருந்து ஒரு அம்மா எழுதியிருந்தார். அந்த இரண்டு வரிகளையும் டைப் செய்து போட்டிருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர், சப்டைட்டிலில் 'ஆனை' என்று போட்டிருக்கிறீர்கள், பாட்டி சொல்வது 'ஏணை', அதாவது துணித் தொட்டில் என்று திருத்தியிருந்தார். போட்டுக் கேட்டால் ஏணைதான்!

யாருக்கு நன்றி சொல்வது என்ற கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்து விட்டது.

ஆயிரமாவது ஆள் யார்?

குழுவில் ஒருவருக்கு ஒரு யோசனை. ஆயிரமாவதாகச் சேருபவரின் பெயரை உரையில் சொல்லி அவருக்கு ஒரு வேட்டியோ சேலையோ பரிசாக அனுப்பலாம் என்றார். நல்ல மனதுதான். ஆனால் நடக்காது.

யூடியூப் ஸ்டுடியோவின் முதல் பக்கத்தில் Recent subscribers என்ற பகுதி உண்டு. அதில் See all என்பதை க்ளிக் செய்தால் ஒரு பட்டியல் வரும். ஆனால் தாங்கள் எந்தச் சேனல்களை சப்ஸ்கிரைப் செய்திருக்கிறோம் என்பதை வெளியில் தெரியும்படி வைத்திருப்பவர்கள் மட்டுமே அதில் இருப்பார்கள். சாதாரணமாக அந்த செட்டிங் மறைவாகத்தான் இருக்கும். பெரும்பாலோர் மாற்றுவதில்லை. ஆகவே ஆயிரமாவது ஆள் அந்தப் பட்டியலில் இருக்கிறாரா என்று உங்களால் சொல்ல முடியாது. பரிசு கொடுத்து எண்ணிக்கையை ஏற்றுவதை யூடியூபின் போட்டி விதிகளும் அனுமதிப்பதில்லை. சப்ஸ்கிரைப் செய்தால் பரிசு என்று உரையில் சொல்லி விட்டு, பிறகு சேனலுக்கு எச்சரிக்கை வந்தால் சிக்கல்தான்.

அந்த எண் நிற்கவும் செய்யாது. மூடப்பட்ட அக்கவுண்ட்களையும் போலி அக்கவுண்ட்களையும் யூடியூப் அவ்வப்போது கணக்கிலிருந்து எடுத்து விடுகிறது. இந்தச் சேனல் ஒரு வெள்ளிக்கிழமை இரவு 1001-ஐத் தொட்டு, மறுநாள் காலையில் 997-க்கு இறங்கியது. ஆயிரத்துக்குக் கீழே இருக்கும்வரை சேனல் பக்கத்தில் எண் அப்படியே தெரியும். ஆயிரத்தைத் தாண்டினால் 1K, 1.01K என்று சுருக்கித்தான் காட்டும். 2019-ல் வந்த மாற்றம் இது. துல்லியமான எண் ஸ்டுடியோவில் மட்டும் தெரியும். நன்றியுரையைப் போட்ட மறுநாள் சேனல் பக்கத்தில் 997 என்று நின்றால் எப்படி இருக்கும்? அதனால் வீடியோவை முன்பே தயார் செய்து வைத்து விட்டு, 1020-ஐத் தாண்டும்வரை காத்திருந்தோம். பத்து நாள் ஆனது. உரையில் துல்லியமான எண்ணும் தேதியும் சொல்லவில்லை. "ஆயிரம் பேர்" என்று மட்டும்தான்.

பணம் பற்றி ஒரு வரி

ஆயிரம் ஆனால் யூடியூப் பணம் கொடுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ஊரிலும் அப்படித்தான் பேச்சு. பாட்டி பாட, இவர்கள் சம்பாதிக்கப் போகிறார்கள் என்று டீக்கடையில் ஒருவர் சொல்லி, அது பாட்டியின் மகன் காதுவரை போயிருந்தது. ஆசிரியருக்கு இதுதான் பெரிய வருத்தம். உரையில் இதற்குப் பதில் சொல்லாமல் விட முடியாது, ஆனால் சொல்வது சரியாக இருக்க வேண்டும்.

உண்மை நிலவரம் இதுதான். விளம்பர வருமானத்தில் பங்கு கிடைக்க வேண்டுமானால் 1000 சப்ஸ்கிரைபர்கள் இருந்தால் மட்டும் போதாது. கடந்த 365 நாளில் எல்லோருக்கும் திறந்திருக்கும் வீடியோக்களை மக்கள் மொத்தம் 4000 மணி நேரம் பார்த்திருக்க வேண்டும். இந்த இரட்டை நிபந்தனை 2018-ல் வந்தது. ஷார்ட்ஸ் என்ற குறு வீடியோக்களுக்கு வேறு கணக்கு. 90 நாளில் ஒரு கோடிப் பார்வை. ஷார்ட்ஸ் வரிசையில் பார்க்கப்படும் நேரம் அந்த 4000 மணியில் சேராது.

இந்தச் சேனலுக்கு ஒரு வருடத்தில் சேர்ந்திருந்தது 1150 மணி. மீதி 2850 மணி, அதாவது 1,71,000 நிமிடம். ஒருவர் சராசரியாக நான்கு நிமிடம் பார்க்கிறார் என்றால் இன்னும் 42,750 தடவை பார்க்கப்பட வேண்டும். தாலாட்டுக்கு அவ்வளவு கூட்டம் ஒரே வருடத்தில் வருமா என்பது வேறு விஷயம்.

ஆசிரியர் உரையில் இப்படி எழுதியிருந்தார்: "பாட்டியின் வீடியோவில் என்றைக்கும் விளம்பரம் வராது என்று உறுதி கூறுகிறேன்." இந்த வாக்கியத்தை நான் எடுக்கச் சொன்னேன். அவருக்கு ஆச்சரியம். நாம் விளம்பரம் கேட்கவே இல்லையே என்றார். 2020 நவம்பரில் அமெரிக்காவிலும் 2021 ஜூனில் மற்ற நாடுகளிலும் யூடியூபின் விதிகள் மாறின. வருமானப் பங்குத் திட்டத்தில் சேராத சேனல்களின் வீடியோக்களிலும் யூடியூப் தானாகவே விளம்பரம் காட்டலாம். அந்தப் பணத்தில் சேனலுக்குப் பங்கு கிடையாது. ஆகவே விளம்பரம் வராது என்று சொல்ல நமக்கு அதிகாரம் இல்லை. அப்படிச் சொன்ன வீடியோவின் முன்னாலேயே ஒரு சோப்பு விளம்பரம் வந்து நிற்கலாம். "விளம்பரம் வந்தாலும் எங்களுக்கு ஒரு ரூபாயும் வருவதில்லை" என்பதுதான் உண்மை. அதைச் சொல்லலாம்.

நாளைக்கு 4000 மணியும் சேர்ந்து விட்டால்? இதை அவர்கள் ஐவரும் பாட்டியின் மகன் வீட்டுக்குப் போய்ப் பேசி முடிவு செய்தார்கள். அந்த ஒரு வீடியோவில் பணம் வந்தால் அது குடும்பத்துக்கு. ஒவ்வொரு வீடியோவும் எவ்வளவு ஈட்டியது என்று ஸ்டுடியோ தனித்தனியாகக் காட்டும் என்பதால் இது நடக்கக் கூடிய வாக்குறுதிதான். உரையில் பாட்டியைப் பற்றிச் சொல்லவும், அந்தத் தாலாட்டிலிருந்து 12 விநாடியைச் சேர்க்கவும் மகனிடம் அப்போதே அனுமதி கேட்டார்கள். காலமானவரின் குரலை எடுத்துப் போடும் முன் கேட்க வேண்டும், அது வீடியோ ஏற்கனவே சேனலில் இருந்தாலும் சரி.

மூன்று நிமிடத்துக்குச் சுருக்கியது

ஆசிரியர் நிதானமாகப் பேசுபவர். ஒரு நிமிடத்துக்கு 60 முதல் 65 சொற்கள். உங்கள் வேகத்தை நீங்களே அளக்கலாம். வேர்டில் டைப் செய்து கீழே உள்ள பட்டையில் சொற்களின் எண்ணிக்கையைப் பாருங்கள், ஒரு பக்கத்தை வாய் விட்டுப் படித்து நேரம் பாருங்கள், வகுத்துக் கொள்ளுங்கள். மூன்று நிமிடம் என்றால் இவருக்கு 200 சொற்கள்கூடக் கிடைக்காது. பாட்டியின் குரலுக்கு 12 விநாடி போக, 170 சொற்களுக்குள் முடிக்க வேண்டும்.

43 பெயர்களை என்ன செய்வது? வீடியோவின் கீழே உள்ள விவரப் பகுதியில் 5000 எழுத்துவரை எழுதலாம். அத்தனை பெயரும் அங்கே போயின. விரும்புகிறவர் படிக்கலாம், மற்றவர் நேரம் வீணாகாது. கமெண்ட் எழுதியவர்களை உரையில் பெயர் சொல்லி அழைக்கவில்லை. அவர்கள் செய்ததைச் சொன்னோம், பெயரைச் சொல்ல அவர்களிடம் கேட்கவில்லையே. கடைசியாக நின்ற உரை இதுதான்.

"அனைவருக்கும் வணக்கம். முதலில் ஒரு குரலைக் கேளுங்கள்."

இங்கே பாட்டியின் தாலாட்டு, 12 விநாடி.

"இந்தப் பாட்டி இப்போது நம்மோடு இல்லை. தை மாதம் காலமானார். இந்தச் சேனலில் இருக்கும் ஆயிரம் பேரில் முந்நூறு பேருக்கு மேல் இந்தக் குரலைக் கேட்டுத்தான் வந்தீர்கள். இத்தனை பேர் கேட்கிறார்கள் என்று அவரிடம் ஒருமுறை சொன்னோம். 'என் பிள்ளையே தூங்காது இந்தப் பாட்டுக்கு' என்று சிரித்தார்.

நாங்கள் பதிவு செய்ததை நீங்கள் நிறைவு செய்தீர்கள். மலேசியாவிலிருந்து ஒரு சகோதரி, எங்களுக்குக் கிடைக்காத இரண்டு வரிகளைத் தன் தாயின் நினைவிலிருந்து எழுதி அனுப்பினார். யாழ்ப்பாணத்து அன்பர் ஒருவர், நாங்கள் 'ஆனை' என்று கேட்டதை 'ஏணை' என்று திருத்தினார். எழுத்தில் அதை மாற்றி விட்டோம். ஒன்றும் எழுதாமல், இரவில் குழந்தைக்கு இதைப் போட்டுவிட்டுத் தூங்கப் போனவர்களும் இருக்கிறீர்கள். உங்களுக்கும் நன்றி.

பலர் கேட்டார்கள், அதனால் சொல்கிறேன். இந்தச் சேனலில் எங்களுக்கு இதுவரை ஒரு ரூபாயும் வந்ததில்லை. வீடியோவுக்கு முன்னால் வரும் விளம்பரப் பணமும் எங்களுக்கு வருவதில்லை. பின்னால் எப்போதாவது வந்தால், பாட்டியின் பாட்டுக்கு வருவது அவர் குடும்பத்துக்கே.

உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. உங்கள் வீட்டில் பாடத் தெரிந்த பெரியவர் இருந்தால், இந்த வாரமே அவரைப் பாடச் சொல்லி உங்கள் செல்போனில் பதிவு செய்யுங்கள். எங்களுக்கு அனுப்ப வேண்டும் என்பதில்லை. உங்களிடம் இருக்கட்டும். நன்றி, வணக்கம்."

பாட்டியின் குரலை முதலில் வைத்தது என் யோசனை. வீடியோ தொடங்கிய அரை நிமிடத்தில்தான் பலர் போய் விடுகிறார்கள். ஸ்டுடியோவில் எந்த வீடியோவைத் திறந்து Analytics பார்த்தாலும் ஒரு வரைபடம் இருக்கும். எந்த விநாடியில் எத்தனை சதவீதம் பேர் இருக்கிறார்கள் என்று அது காட்டும். அவர்களுடைய பழைய வீடியோக்களில் "வணக்கம், நாங்கள் யார் என்றால்" என்று முன்னுரை சொன்ன இடத்தில் கோடு செங்குத்தாக இறங்கியிருந்தது. பாட்டுத் தொடங்கிய இடத்தில் கோடு சமமாக ஓடியது.

பதிவு செய்யும்போது

படிப்பது தெரியாமல் படிக்க ஒரு வழி. உரையை நோட்பேடில் போட்டு, கன்ட்ரோல் கீயோடு கூட்டல் குறியை அழுத்தி எழுத்தைப் பெரிதாக்குங்கள். பிறகு விண்டோவைக் குறுக்கி ஒரு வரிக்கு மூன்று நான்கு சொல் வரும்படி வையுங்கள். வரி நீளமாக இருந்தால் கண் இடமும் வலமும் ஓடுவது வீடியோவில் தெரிந்து விடும். லேப்டாப்பை செல்போன் ஸ்டாண்டுக்கு நேர் பின்னால், எழுத்து கேமரா லென்ஸ் உயரத்தில் வரும்படி வைத்தோம். ஒருவர் பக்கத்தில் நின்று மெல்ல நகர்த்தினார்.

படத்தைவிடக் குரல் முக்கியம். ஆசிரியர் வீட்டுக் கூடம் டைல்ஸ் போட்டது, காலியானது. ஒருமுறை கை தட்டிப் பார்த்தேன். தட்டிய பிறகும் ஓசை கொஞ்சம் தங்கியது. அப்படித் தங்கினால் அந்த அறையில் பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். புத்தக அலமாரியும் மெத்தையும் இருந்த உள் அறைக்கு மாறினோம். அங்கே தட்டினால் உடனே அடங்கியது. சட்டையில் குத்தும் சிறிய மைக், முகவாய்க்கு ஒரு சாண் கீழே. ஃபேனை நிறுத்தி விட்டோம். வியர்த்தாலும் மூன்று நிமிடம்தானே! இரைச்சலைப் பிறகு சாஃப்ட்வேர் மூலம் குறைக்கலாம்தான், ஆனால் அதிகம் குறைத்தால் குரலும் தேய்ந்து தகர டப்பாவில் பேசுவது போலாகி விடும்.

முழு உரைக்கு முன் அரை நிமிடம் சோதனைப் பதிவு. ஹெட்செட் போட்டுக் கேட்டபோது ஒரு சரசரப்பு. மைக் அங்கவஸ்திரத்தில் உரசிக் கொண்டிருந்தது. அங்கவஸ்திரம் கழன்றது. செல்போன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்டிருந்தால் இது தெரிந்திருக்காது.

பதிவான ஃபைலை கம்ப்யூட்டருக்குக் கொண்டு வரும்போது வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பாதீர்கள். அது ஃபைலைச் சுருக்கி விடும், படம் மங்கி விடும். யுஎஸ்பி கேபிள் போட்டு காப்பி செய்யுங்கள். வேறு வழியே இல்லை என்றால் வாட்ஸ்அப்பில் Document என்ற வழியாக அனுப்பினால் ஃபைல் அப்படியே போகும்.

போடும் முன் ஒரு சோதனை

யூடியூபில் ஒரு வசதி இல்லை என்பதைப் புதியவர்கள் பலர் அறிய மாட்டார்கள். வீடியோவை வெளியிட்ட பிறகு அதே முகவரியில் வேறு ஃபைலை மாற்றி வைக்க முடியாது. தலைப்பு, விவரம், சப்டைட்டில் எல்லாவற்றையும் மாற்றலாம். ஸ்டுடியோவின் Editor மூலம் சில விநாடிகளை வெட்டி எடுக்கலாம். ஆனால் புதிதாக ஒரு சொல்லைச் சேர்க்க வேண்டுமானால் வீடியோவை நீக்கி விட்டுத் திரும்ப ஏற்ற வேண்டும். அதோடு வந்த கமெண்ட்களும் பார்வை எண்ணிக்கையும் போய் விடும். நன்றியுரைக்குக் கீழே வரும் கமெண்ட்கள்தானே அதன் மதிப்பு?

அதனால் ஏற்றும்போது Visibility என்ற பக்கத்தில் Unlisted என்று தேர்ந்தெடுத்தோம். லிங்க் இருப்பவர்கள் மட்டும் பார்க்கலாம், தேடினால் வராது. அந்த லிங்க்கை ஐவருக்கும் பாட்டியின் மகனுக்கும் அனுப்பினோம். மகன் பார்த்து விட்டு, "அம்மா பாடுகிற இடத்தில் படம் வேண்டாம், குரல் மட்டும் போதும்" என்றார். இந்த மாற்றத்தை ஃபைலிலேயே செய்ய வேண்டும். வெளியிடாததால் சிரமமில்லை. திண்ணையின் படம் ஒன்றை வைத்துத் திரும்ப ஏற்றினோம். பின்னணியில் ஒரு சினிமா நாதஸ்வர இசை சேர்க்கலாம் என்று இன்னொருவர் கேட்டார். காப்பிரைட் உள்ள இசையை யூடியூப் தானாகவே கண்டுபிடித்து உரிமையாளருக்குத் தெரிவிக்கும், விளம்பரப் பணம் அவருக்குப் போகலாம், சில சமயம் வீடியோவே தடைபடும். பணம் பற்றிப் பேசும் வீடியோவில் அது வேண்டாம் என்று விட்டு விட்டோம். பாட்டியின் குரலுக்குப் பிறகு இசை எதற்கு என்பதும் என் கட்சி.

1024 ஆன அன்று மாலை Unlisted என்பதை Public என்று மாற்றினார் ஆசிரியர். மலேசியாவில் அப்போது இரவு ஒன்பதரை, பார்க்கத் தோதான நேரம். முதல் கமெண்டை அவரே எழுதி, அதன் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளிகளை க்ளிக் செய்து Pin கொடுத்தார். அப்படிச் செய்தால் அது எப்போதும் மேலேயே நிற்கும். "உங்கள் வீட்டுத் தாலாட்டின் முதல் வரி என்ன?" என்று மட்டும் கேட்டிருந்தார். ஒரு வாரத்தில் 60 வரிகள் வந்தன. அவற்றை எக்செலில் ஊர்வாரியாகப் பிரித்து வைத்திருக்கிறார்.

ஒரு வேலை மட்டும் மிச்சமிருந்தது. பாட்டியின் மூல வீடியோ ஃபைல் எங்கே என்று கேட்டேன். யூடியூபில்தான் இருக்கிறதே என்றார்கள். ஸ்டுடியோவில் Download கொடுத்தால் கிடைப்பது 720p அல்லது அதற்கும் குறைந்த அளவில் சுருக்கிய நகல்தான், நாம் ஏற்றிய ஃபைல் அல்ல. நல்லவேளையாக, பதிவு செய்த பழைய செல்போன் அலமாரியில் இருந்தது. சார்ஜ் ஏற்றி, கேபிள் போட்டு, ஃபைலை கம்ப்யூட்டரில் ஒன்றும் வெளி ஹார்ட் டிஸ்கில் ஒன்றுமாக எடுத்தோம். மூன்றாவது நகலை ஒரு பென் டிரைவில் போட்டு, அது டிவியில் ஓடுகிறதா என்று பார்த்து விட்டு, ஆசிரியர் பாட்டியின் வீட்டுக்கு எடுத்துக் கொண்டு போனார்.